இரண்டு பேர் வெட்டிவிட்டார்கள்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். விரிப்புகள், துவாய்கள், மேசைத் துணிகள், சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் என் கையால்தான் மெஷினுக்குள் போகும். அங்கே பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதுதான் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம்.

அந்த மாதச் சம்பளச் சீட்டு வழக்கம்போலப் போனுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தேன். கழிக்கப்பட்ட தொகைகளின் பக்கத்தில் ‘நோ பே’ என்ற வரிக்கு எதிரே இரண்டு நாள் என்று போட்டிருந்தது. அறிவிக்காமல் வேலைக்கு வராதவர்களுக்குப் போடுவது அது. நான் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கம்பெனியின் பட்டிப்பொல விடுதிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே சலவை செய்கிறவர் சுகமில்லாமல் படுத்துவிட்டார். கையில் கடமைமாற்றக் கடிதம்கூடத் தந்துதான் அனுப்பினார்கள். அங்கே உள்ள கைரேகை மெஷின் வேறு. அதில் பதிந்தது எங்கள் ஹோட்டல் கணக்கில் வந்து சேரவில்லை. கொழும்பில் இருக்கும் சம்பளப் பிரிவுக்கு நான் இரண்டு நாள் காணாமல் போனவன்.

காசு போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பெரிய மெஷினுக்கு ஒப்பரேட்டர் ஒருவரை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் பகுதி மேலாளர் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அறிவிக்காமல் லீவு போட்டவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்பது விதி. சீட்டில் அந்த வரி இருக்கும்வரை எனக்கு அந்த மெஷின் இல்லை.

சம்பளச் சீட்டில் பிழை இருந்தால் யாரிடமும் வாயால் சொல்லிப் பயனில்லை. சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அதுவும் அடுத்த மாதக் கணக்கை மூடுவதற்கு முன்னால். சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதிலும் எழுதலாம் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் கொழும்புக்கு எழுதியது கிடையாது.

தோட்டத்து லயத்தில் எங்கள் அறையில் உட்கார்ந்து போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்தேன். மறுநாள் துணி அறைக்குப் போய் அங்கே கணக்கு வைத்திருக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளிடம் போனை நீட்டினேன். வட்டவளைத் தோட்டத்துப் பெண். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாகமம் வாசிக்கிறவள். எந்த எழுத்தையும் உரக்க வாசித்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

“சத்தமா வாசிக்காத தங்கச்சி,” என்றேன்.

“இங்க யாருண்ணே இருக்கா? தலகாணி உறையெல்லாம் கேட்டுட்டுப் போகட்டும்.” ஆரம்பித்துவிட்டாள். “பெருமதிப்புக்குரிய பெரிய ஐயா அவர்களின் பாதங்களுக்கு... என்னண்ணே இது, சாமிக்கா எழுதுறீங்க?”

“மரியாதைக்குப் போட்டேன்.”

“மரியாதைக்கு ‘ஐயா, அம்மணி’ போதும். அங்க இருக்கறது பொம்பளையா ஆம்பளையான்னு நமக்குத் தெரியாது. அப்பறம் இது என்ன, ‘தொந்தரவு செய்வதற்கு என்னை மன்னிக்கவும்’. மூணு எடத்துல மன்னிப்புக் கேட்டிருக்கீங்க. தப்புப் பண்ணது அவங்களா நீங்களா?”

மூன்று மன்னிப்பையும் அழித்தாள். அந்த இடங்கள் காலியானபோது மின்னஞ்சல் பாதியாகிவிட்டது. என்ன மாதம், என் ஊழியர் இலக்கம் என்ன, எந்த நாட்கள் என்று நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவற்றை முதலில் வைத்தாள். தலைப்பு வரியில் நான் ‘வணக்கம்’ என்று போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு, ‘சம்பளச் சீட்டில் இரண்டு நாள் பிழையாக நோ பே கழிக்கப்பட்டமை’ என்று போட்டாள்.

கடைசி வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினாள். “‘ஈ.பி.எஃப். குறைவாக வெட்டியதற்கு நன்றி’யா?”

“போன மாசத்தவிடக் கொஞ்சமா வெட்டியிருக்காங்க. அதான்.”

“அட அண்ணே! நோ பே போட்டா அந்த மாசச் சம்பளம் கொறையுது. அதுல எட்டு வீதம் பாத்தா அதுவும் கொறையுந்தானே. கம்பெனி உங்களுக்காகப் போடுற பன்னெண்டு வீதமும் சேந்து கொறைஞ்சிருக்கு. வயசாகி எடுக்கப்போற காசுல கைய வெச்சதுக்கு நன்றி சொல்றீங்க!”

நன்றியும் போனது. அந்த இடத்தில், நாட்களைத் திருத்தும்போது ஈ.பி.எஃப். தொகையையும் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி வந்தது. நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் அவள் தொடவே இல்லை. அதை வாசித்துவிட்டு, “இது சரியா இருக்கு,” என்று தலையாட்டினாள். எனக்கும் அந்த வரியில்தான் திருப்தி அதிகம்.

கடமைமாற்றக் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றாள். அதை ஸ்கேன் செய்யும் மெஷின் களஞ்சியத்தில் இருந்தது. களஞ்சியக் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அவரோடு பேசியதெல்லாம் “சவக்காரத் தூள் முடிஞ்சிருச்சிங்க” என்ற அளவில்தான். தங்கச்சி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் கடிதத்தை மெஷினில் வைத்துவிட்டு, போனை வாங்கி வாசித்தார். பாதியில் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“அண்ணை, காயம் எங்கை?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“உங்களைத்தான் கேக்கிறன். ஆர் வெட்டினது? பொலிசிலை சொன்னனீங்களோ?”

“யாரு யாரை வெட்டுனா?” என்றாள் தங்கச்சி.

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். தங்கச்சி தொடாமல் விட்ட அந்த வரி: ‘பட்டிப்பொலவுக்கு வேலைக்குப் போன இடத்தில் இரண்டு பேர் வெட்டிவிட்டார்கள்.’

தங்கச்சி ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“ஐயோ, எங்க தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் வேலைங்க. கொழுந்து சரியா எடுத்தா முழுப் பேரு போடுவாங்க. கிலோ கொறைஞ்சா அரைப் பேரு. பேரு வெட்டிட்டாங்கன்னா நாள் சம்பளம் போச்சுன்னு அர்த்தம். உங்க ஊருல பேருன்னா ஆளு மட்டுந்தானா?”

“எங்கடை ஊரிலை ரெண்டு பேர் வெட்டினா ஆஸ்பத்திரிக்குத்தான் போறது,” என்றார் அவர். “இதைக் கொழும்பிலை வாசிக்கிற ஆளுக்கு மலைநாட்டுத் தமிழ் தெரியாட்டி என்ன நடக்கும்? சம்பளம் வராது. அம்புலன்ஸ் வரும்.”

நானும் சிரித்தேன். அந்தக் களஞ்சியத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மா மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது “இன்னைக்கு அரைப் பேருதான்” என்று சொல்லியே கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் சம்பளம் என்று நினைத்தால் கை தானாக அதைத்தான் எழுதுகிறது. தங்கச்சிக்கும் அப்படித்தான். அதனால்தான் மற்ற எல்லா வரியிலும் பிழை பிடித்தவள் அதைக் கடந்துபோய்விட்டாள்.

‘பேர்’ என்ற இடத்தில் ‘வேலை நாட்கள்’ என்று வந்தது. ‘வெட்டிவிட்டார்கள்’ என்பது ‘கழிக்கப்பட்டுள்ளன’ ஆனது. அவர் கடிதத்தை இணைத்துத் தந்தார். அனுப்பும் பொத்தானை மட்டும் என்னையே அழுத்தச் சொன்னார்கள்.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. தங்கச்சி லீவில் ஊருக்குப் போயிருந்த அன்று, களஞ்சியக்காரரும் வங்கிக்குப் போன நேரம் பார்த்துப் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, பட்டிப்பொலப் பதிவும் பார்க்கப்பட்டது, ஆனால் இரண்டாம் நாள் நீங்கள் வெளியேறிய பதிவு இல்லை, இன்று மாலைக்குள் விளக்கம் அனுப்பவும், இன்றோடு கணக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

தங்கச்சிக்குப் போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை. களஞ்சியக் கதவு பூட்டியிருந்தது. மெஷினுக்குள் விரிப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் அதன் முன்னால் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த இரண்டாம் நாள் மாலை பட்டிப்பொலவில் காற்று அடித்து மின்சாரம் போய்விட்டது. கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. அதை விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முதலில் அவருக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நான் கம்பெனிக்கு எழுதப்போகிறேன், உங்களுக்கும் ஒரு பிரதி வரும், நடந்ததை உறுதிப்படுத்தி ஒரு வரி எழுதுங்கள் மாத்தயா என்று கேட்டேன். அவர் உடனே சரி என்றார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு எழுதினேன். எழுதியதைத் தங்கச்சி வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. முதல் தடவை வாசித்தபோது ஒரு ‘மன்னிக்கவும்’ நுழைந்திருந்தது தெரிந்தது. எடுத்துவிட்டேன். அடுத்து யாழ்ப்பாணத்துக்காரருடைய காதால் வாசித்துப் பார்த்தேன். ‘கரண்ட் செத்துப்போச்சு’ என்று எழுதியிருந்தேன். யார் செத்தது என்று கேட்பார். ‘மின்சாரம் தடைப்பட்டது’ என்று மாற்றினேன். கடைசியில் மிஞ்சியது நான்கு வரி. மெஷின் நிற்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

விளக்கம் போதுமானது, இரண்டு நாட்களும் வேலை நாட்களாகத் திருத்தப்பட்டன, நிலுவையும் ஈ.பி.எஃப். வித்தியாசமும் அடுத்த சம்பளத்தில் சேரும் என்று அன்று மாலையே பதில் வந்தது. அந்தப் பதிலை நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்தேன். நான் இறங்க வேண்டிய தரிப்பு தாண்டிப்போய்விட்டது. மழைத் தூறலில் திரும்பி நடந்தேன். சிரித்துக்கொண்டே நடந்தேன்.

அறிவித்தல் பலகையில் ஒப்பரேட்டர் நியமனம் ஒட்டப்பட்ட நாளில் சாப்பாட்டு அறை நிறைய ஆள் இருந்தது. புதுச் சம்பளச் சீட்டும் அன்றுதான் வந்திருந்தது. தங்கச்சி அந்தக் கோடியிலிருந்தே கத்தினாள்.

“ஒப்பரேட்டர் அண்ணே! இந்த மாசம் எத்தன பேரு?”

வழக்கமாக அப்படி யாராவது கூப்பிட்டால் நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். அன்று எழுந்து நின்றேன்.

“முழுப் பேரு!” என்றேன். அறை முழுக்கக் கேட்டது.

பக்கத்து மேசையிலிருந்து களஞ்சியக்காரர் தலையைத் தூக்கினார். “அப்ப ஒருத்தரும் வெட்டேல்லைத்தானே, அண்ணை?”