மைனஸ் பத்துக் கோடி டிகிரி

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை உலர்த்தும் ட்ரையரில் ஒரு மீட்டர் சூட்டைக் காட்டும்; அதை ஒஃபீஸ் கணினியிலும் காட்ட வேண்டும், அதற்காகத்தான் பதுளையிலிருந்து போயிருந்தேன். கணினி ஒரு தடவை பூச்சியம் என்றது, மறு தடவை மைனஸ் பத்துக் கோடி டிகிரி என்றது.

"வயரில் பழுது" என்றேன், யோசிக்காமலே. தோட்டத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரிலிருந்து ஒஃபீஸுக்கு வரும் கேபிளைக் கழற்றி மறுபடி இழுத்தார். இரண்டு நாளில் மூன்று தடவை. மூன்றாம் தடவையும் அதே கூத்துதான்.

தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் எல்லார் முன்னாலும் கத்தினார். "ஒரு வயர் இழுக்கத் தெரியல. திங்கக்கெழமையிலருந்து வேற ஆளப் பாத்துக்கிறேன்!"

அண்ணன் குனிந்து கருவிகளைப் பொறுக்கினார். பழுது என்று சொன்னவள் நான்தானே! இதற்கு ஒரு முடிவு தெரியாமல் பஸ் ஏறுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

மீட்டரும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மொட்பஸ், ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்பும். வயர் கெட்டால் அது பொருந்தாது, செய்தி தள்ளுபடியாகும். என் புரோகிராம் எழுதிவைத்த பதிவில் ஒன்றுகூடத் தள்ளுபடியாகவில்லை. அடக் கடவுளே, இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா?

"அண்ணே, மீட்டர் என்ன காட்டுதுன்னு சத்தமாச் சொல்லுங்க."

"தொண்ணூத்திரெண்டு புள்ளி நாலு!"

கணினியில் மைனஸ் பத்துக் கோடிச் சொச்சம்.

"இப்ப புள்ளி ஆறு!"

பூச்சியம்.

"திரும்ப நாலு!"

மறுபடி அதே பத்துக் கோடி, ஒரு இலக்கம் பிசகவில்லை. கெட்ட வயர் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது.

மீட்டர் அனுப்பிய மூல எண்களை எடுத்து எழுதினேன். தசம எண்ணுக்கு முப்பத்திரண்டு பிட் வேண்டும், மொட்பஸில் ரெஜிஸ்டர் என்கிற ஒரு பெட்டிக்குள் பதினாறுதான் பிடிக்கும். அதனால் எண் இரண்டு பாதியாக வரும். கணினிக்காரர்கள் எழுதும் பதினாறடிமான எண்ணில் சொன்னால், முதலில் CCCD, பிறகு 42B8 என்று வந்திருந்தது. என் புரோகிராம் முதலில் வந்ததை மேல்பாதியாக வைத்து ஒட்டியது. இந்த மீட்டரோ கீழ்ப்பாதியை முதலில் அனுப்புகிற ரகம். முந்தைய வேலையில் வேறு மீட்டர். அதன் புரோகிராமை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு பாதிக்குள்ளும் பைட்டுகள் சரியாகவே இருந்தன. பாதிகளை இடம் மாற்றி 42B8 CCCD என்று ஒட்டினேன்.

92.4.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான் என் கதை.

டீமேக்கரையும், அவர் கத்தியபோது நின்ற எல்லாரையும் கூப்பிட்டேன். "வயர்ல ஒரு பழுதும் இல்லீங்க. பிழை என்னோடது. அண்ணன் மொத நாள் இழுத்ததே சரி."

டீமேக்கர் திரையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நீயே இருப்பா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

நான் கேட்டேன். "மன்னிச்சுக்குங்கண்ணே."

அவர் கேபிளை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"மொத நாளே சொல்லணும்னு இருந்துச்சு தங்கச்சி, மீட்டர் சரியாத்தானே காட்டுது, வயரையும் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன்னு. நீங்க படிச்சவங்க, நான் என்னத்தக் கண்டேன்னு விட்டுட்டேன்."