இருபத்துநான்கு அத்தியாயங்களுக்கு முப்பது நாள்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் 'ரெக்கார்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். அடித்தளத்தில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பதினோரு வருடமாக அவள்தான் பொறுப்பு. முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் குறைவு. மேலே இருந்து தொலைபேசி மணி அடிக்கும், ஒரு எண் சொல்வார்கள், அவள் கோப்பை எடுத்துச் சின்ன லிஃப்டில் ஏற்றி அனுப்புவாள். ஒரு நாளில் அவள் பேசும் பேச்சு முழுவதும் எண்களாகவே இருக்கும். வாய் துருப்பிடித்துவிடுமோ என்று பயந்து சில நாள் அலமாரியோடு பேசியிருக்கிறாள். அலமாரி மறுத்துப் பேசாது என்பது ஒரு வசதி.

இதிலிருந்து மேலே போக ஒரே வழி துறைத் தேர்வு. தேறினால் முதல் மாடியில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசைக்கு மேற்பார்வையாளர். அங்கே ஜன்னல் உண்டு, வரிசை உண்டு, சண்டை உண்டு. சண்டை போடவாவது நாலு பேர் வேண்டும் அல்லவா? இரண்டு முறை எழுதித் தோற்றாயிற்று. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அண்ணனிடம் சொன்னபோது, "நாப்பது வயசுல பரீட்சையா? பேசாம இரு" என்றான். பேசாமல் இருப்பதுதான் பிரச்சினை என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பாடம் இருபத்துநான்கு அத்தியாயம். ஒவ்வொன்றையும் ஒரே தாளில் சுருக்கி எழுதி முடித்துவிட்டாள். தேர்வுக்குச் சரியாக முப்பது நாள் இருக்கையில், சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டி முப்பது கட்டம் போட்டாள். முதல் நாள் முதல் அத்தியாயம், இரண்டாம் நாள் இரண்டாவது. இப்படி இருபத்துநான்கு நாள். மிச்சம் ஆறு நாளில் நாளுக்கு நாலு வீதம் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. தன் கைவேலையைத் தானே தள்ளி நின்று பார்த்து ரசித்தாள். காட்டுவதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

நாலு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் பழைய கோப்பு ஒன்று காணாமல் போய், அதைத் தேடி முடிக்க இருட்டிவிட்டது. அன்றைய அத்தியாயம் போச்சு. அதை ஆறாம் நாளுக்குத் தள்ளினால், ஆறு ஏழுக்குப் போகிறது, ஏழு எட்டுக்கு. ஒரு கட்டம் தவறினால் மிச்சமுள்ள இருபத்தைந்து கட்டமும் நகர வேண்டும். சும்மா விட்ட கட்டம் ஒன்றுகூட இல்லை.

அதே நாள் மதியம் இன்னொன்றும் நடந்திருந்தது. முதல் மாடியில் மறுபரிசோதனைப் பிரிவில் ஒரு சிஸ்டர். நாலு வருடமாகத் தினமும் தொலைபேசியில் கேட்கும் குரல், ஒரு தடவையும் நேரில் பார்த்ததில்லை. பாதி ஆட்டுக்கல், பாதி வெல்லம் போன்ற குரல். அன்று ஆட்டுக்கல்தான்.

"என்னம்மா ரெக்கார்டு, இன்னைக்கும் நம்பர் வரிசையில அடுக்கி அனுப்பிட்டியா?"

"வரிசைதானே சிஸ்டர் சரி?"

"உன் அலமாரிக்குச் சரி. இங்க மோசமா இருக்கறவங்க ஃபைல் முதல்ல வேணும். நல்லா இருக்கறவரு ரெண்டு மாசம் கழிச்சு வந்தாப் போதும். முடியாதவரை நாளைக்கே வரச் சொல்லணும், மூணாம் நாள் வரச் சொல்லணும். எல்லாரையும் ஒரே மாதிரி கூப்பிட்டா யாரும்மா பிழைப்பாங்க?"

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து அந்த அட்டையின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. பதினோரு வருடம் அலமாரியோடு பழகியதில் அத்தியாயங்களையும் எண் வரிசையில் அடுக்கியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒன்றாம் அத்தியாயத்துக்கும் இரண்டு தடவை. இரண்டு தேர்விலும் காலை வாரிய பத்தொன்பதாவதுக்கும் இரண்டே தடவை, அதுவும் முதல் தடவையே பத்தொன்பதாம் நாள். போன இரண்டு முறையும் இதே வரிசைதான். தோற்றது ஏன் என்று யாராவது பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அழுகை வந்தது. அழுதாள். பிறகு அட்டையைக் கிழித்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சுருக்கத் தாள்களைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தாள். மாலைக்குள் மூன்று கட்டாகப் பிரிந்தது. முழுசாக வந்தது பத்து. அரைகுறை எட்டு. சுத்தமாகக் கை விரித்தது ஆறு. ஆறுக்கு நாலு தடவை, எட்டுக்கு மூன்று, பத்துக்கு இரண்டு. மொத்தம் அறுபத்தெட்டு. மோசமான ஆறும் முதலில், பிறகு இரண்டு நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு, கடைசி வாரத்தில் இன்னொரு தடவை. மிச்சம் இருந்த இருபத்துநான்கு நாளில் ஒவ்வொரு ஆறாவது நாளையும் காலியாக விட்டாள், தவறிப்போனதை அங்கே தள்ளிக்கொள்ள. இருபது நாளில் அறுபத்தெட்டு, அதாவது நாளுக்கு மூன்றோ நாலோ. தேர்வுக்கு முந்தைய நாளும் காலிக் கட்டமாகவே வந்தது.

ஆனால் தானே கேட்டுத் தானே பதில் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. தனக்குத் தானே மார்க் போடும்போது கை தாராளமாகிவிடுகிறது. ஏழாம் நாள் மதியம் மணி அடித்தபோது, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"சிஸ்டர், கோச்சுக்காதீங்க. பரீட்சைக்குப் படிக்கறேன். தாளை லிஃப்ட்ல அனுப்பினா, கூப்பிடும்போது ஒரு கேள்வி கேப்பீங்களா?"

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான். எனக்கும் வேலை இருக்கு" என்றது குரல்.

அன்றிலிருந்து கோப்புகளோடு அன்றைய சுருக்கத் தாளின் நகலும் மேலே போனது. தப்பாகச் சொன்னால் சிஸ்டர், "இவரை மறுபடி நாளன்னைக்கு வரச் சொல்லு" என்பாள். அந்த அத்தியாயம் அடுத்த காலிக் கட்டத்துக்குப் போகும். பேச்சு இரண்டு நிமிடம்தான். மிச்ச நேரம் பழைய அமைதிதான், ஆனால் அதற்கு இப்போது ஒரு பழகாத கனம் இருந்தது. இரண்டு நிமிடம் கிடைத்தவளுக்குத்தான் மீதி நாளின் நீளம் தெரிகிறது.

அறுபத்தெட்டும் முடிந்தன. தேர்வுக்கு முந்தைய நாள் லீவு போட்டிருந்தாள். காலிக் கட்டம். தள்ளிவைத்த பாடம்கூட மிச்சமில்லை. வீட்டில் பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். மதியம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே போனாள். அவளுக்குப் பதிலாக வேலைக்கு வந்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கக்கேடுதான், ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

மணி அடித்தது. எடுத்து, "ரெக்கார்டு" என்றாள்.

"இன்னைக்கு லீவுன்னு சொன்னியே?"

"ஆமா சிஸ்டர். தெரிஞ்சும் நீங்க ஏன் கூப்பிட்டீங்க?"

சிஸ்டர் நேரே பாடத்துக்குப் போனாள். "பத்தொன்பது. படுக்கை எவ்வளவு நிரம்பியிருக்குன்னு எப்படிக் கணக்குப் போடுவே?"

"எல்லாரும் தங்கின நாளைக் கூட்டணும். படுக்கை எண்ணிக்கையை மாசத்து நாளால பெருக்கி, அதால வகுத்து, நூறால பெருக்கணும்."

"சரி. இவருக்கு இனி மறுபரிசோதனை வேண்டாம்."

சிரித்துவிட்டு வைத்துவிடுவாள் என்று இவள் நினைத்தாள். குரல் வைக்கவில்லை.

"அந்த மேற்பார்வையாளர் மேசை எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"மாடியில, பதிவு பண்ற இடத்துல."

"என் மேசைக்கு நேர் எதிர்ல. அந்த நாற்காலி காலியாப் போய் நாலு வருஷம் ஆச்சு. உன்கிட்ட ஃபைல் நம்பர் சொல்றப்போ எல்லாம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் பேசறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு நல்லா எழுது" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் வைத்தாள்.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மேலேயும் ஒருத்தி தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.