எழுதாத பில்லும் எட்டாம் நம்பர் அறையும்

பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெருவில் உள்ள லாட்ஜில் சாவி கொடுக்கும் பெண்மணிக்கு உலகத்து ஆண்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள். மீசை முளைத்தவன் தம்பி, தொப்பை போட்டவர் அண்ணன், நரைத்தவர் பெரியப்பா. மதில் கட்ட செங்கல் எதற்கு, சிமெண்ட் எதற்கு? வாய் நிறைய ஒரு 'அண்ணா' போட்டால் போதும், எவனும் ஏறிக் குதிக்க மாட்டான்.

மாதம் ஒருமுறை வரும் மருந்துக் கம்பெனி விற்பனைக்காரர் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேரவில்லை. அவர் 'சார்'.

"ஊர்ல உள்ளவனெல்லாம் அண்ணன் தம்பி. அந்த மருந்துக்காரர் மட்டும் சாரா?" என்று அறை கூட்டும் அக்கா ஒருநாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டே கேட்டாள்.

"டை கட்டியிருக்காரேக்கா."

"நேத்து வந்த இன்சூரன்ஸ்காரன் கூடத்தான் டை கட்டியிருந்தான். அவனை 'வா தம்பி'ன்னு கூப்பிட்டியே."

இவள் மேசையைத் துடைத்தாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நாற்பதைத் தாண்டியவள். முதலில் அப்பாவின் வைத்தியம், பிறகு தம்பியின் கல்யாணம், பிறகு தங்கையின் கல்யாணம். தன் முறை வந்தபோது வரிசையே கலைந்து போயிருந்தது. மருந்துக்காரருக்கு மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. சட்டைப் பித்தான் தைக்க ஊசி நூல் கேட்டு வந்தவர், "வீட்ல இதெல்லாம் எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இவள் ஊசியில் நூலைக் கோத்தே கொடுத்தாள். இரண்டு பேருக்கும் நடந்த காதல் கதை, அதைக் காதல் என்று சொன்னால், இதுவரை இவ்வளவுதான்.

மீதியெல்லாம் எட்டாம் நம்பர் அறை. மூலை அறை, இரண்டு ஜன்னல். அவர் வரும் வாரத்தில் அந்த அறைக்கு யார் வந்து நின்றாலும், இவளுக்கு மற்ற அறைகளின் அருமை பெருமைகள் திடீரென்று ஞாபகத்துக்கு வரும்.

"எட்டு காலியா மேடம்?"

"காலிதான் சார்."

இந்த இரண்டு வரிக்காக ஒரு மாதம் காத்திருப்பாள்.

அப்படி ஒரு மாதம், காலையில் அறையைக் காலி செய்துவிட்டு வந்தவர் சாவியை மேசையில் வைத்தார். பையை வைத்தார். குரலை மட்டும் இறக்கினார்.

"மேடம், ஒரு சின்ன உதவி. வாடகை ஆயிரம்தானே? பில்லுல ஆயிரத்து ஐந்நூறுன்னு போட்டுடுங்க. கம்பெனி அதுவரைக்கும் தரும்."

பில் புத்தகத்தைத் திறந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். இத்தனை மாதங்களில் அவர் அவளிடம் கேட்ட இரண்டாவது பொருள் இது. முதலாவது ஊசி.

"நீங்க கொடுக்காத காசை வாங்கினேன்னு எப்படி சார் எழுதறது?"

"எதிர் லாட்ஜ்ல கேட்டா சிரிச்சுக்கிட்டே எழுதறாங்க."

"எழுதுவாங்க. இந்தப் புக்குல கார்பன் இருக்கு. மேல ஐந்நூறு கூட்டினா கீழயும் கூடும். வராத பணத்துக்கு எங்க முதலாளி வரி கட்டணும். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு எழுதினா, உங்க ஆபீஸ்லேருந்து யாராவது போன் பண்ணிக் கேக்கற அன்னிக்கு உங்க வேலை போயிடும். அதெல்லாம் இல்லேன்னாலும்... பொய் சார். வேணாம்."

அவர் முகம் சிவந்தது. பையை எடுத்தார்.

"சரி சிஸ்டர். விடுங்க."

சிஸ்டர்! ஊருக்கெல்லாம் இவள் கட்டிய மதிலை, ஒரே வார்த்தையில் அவர் இவளுக்குக் கட்டிவிட்டார். இனி எதிர் லாட்ஜுக்குத்தான் போவார் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. இவள் இடத்தில் வேறு எவளாவது இருந்தால் அழுதிருப்பாள், இல்லை எழுதியிருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். நிஜமா எதுல உங்க காசு கையை விட்டுப் போச்சு?"

அவர் நின்றபடியே கொட்டினார். மருந்து சாம்பிள் பெட்டிகள் கனம்; பஸ்ஸில் ஏற்ற முடியாது; டாக்டருக்கு டாக்டர் ஆட்டோ. ஆட்டோக்காரன் பில்லா தருவான்? எல்லாம் சொந்தக் காசு.

"பில் இல்லாத செலவுக்கு உங்க கம்பெனியில தாள் எதுவும் இல்லையா?"

"இருக்கு. எந்த தேதி, எங்கேருந்து எங்க, எதுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு உக்காந்து எழுதறது?"

"ஐந்நூறுக்குப் பொய் சொல்ல நேரம் இருக்கு, ஆட்டோவுக்கு உண்மை சொல்ல நேரமில்லையாக்கும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டார்.

"பெட்டி கனம், வண்டி இல்லாம முடியாதுன்னு மேனேஜருக்கு எழுதிக் கேளுங்க. முன்னாடியே அனுமதி வாங்கிட்டா அப்புறம் யாரும் மறுக்க முடியாது. இன்னொண்ணு, போன தடவை மாடி ஹால்ல டாக்டர்ங்களுக்குக் கூட்டம் போட்டீங்களே, அந்த பில்?"

"தொலைஞ்சு போச்சு. அதுவும் என் தலையிலதான்."

அவள் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அடிப்பிரதியைப் பார்த்து அதே தேதி, அதே எண், அதே தொகையில் ஒன்று எழுதி, 'நகல்' என்று முத்திரை குத்திக் கொடுத்தாள். "மூலம் தொலைஞ்சுடுச்சுன்னு ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்க."

அவர் அதையும், ஆயிரத்துக்கான பில்லையும் மடித்துப் பையில் போட்டார். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார்.

அடுத்த மாதம் அவர் வரும் வாரம் வந்தது. எட்டாம் நம்பர் அறைக்குப் புதுத் தலையணை உறை, புது சோப்பு. ஒரு தம்பதி கேட்டதற்கு, அங்கே கொசு அதிகம் என்று சொல்லிவிட்டாள். (பில்லில் பொய் எழுதாதவள் கொசு விஷயத்தில் கொஞ்சம் தாராளம்.) பகலெல்லாம் கண் எதிர் லாட்ஜ் வாசலிலேயே இருந்தது. டை கட்டிய நாலு பேர் உள்ளே போனார்கள். நாலும் அவர் இல்லை.

"உண்மையை எதுக்கு இவ்ளோ நேரா சொன்னே? கொஞ்சம் வளைச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றாள் கூட்டும் அக்கா.

மூன்றாம் நாள் மதியம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம்! எல்லாம் வந்துடுச்சு. ஹால் பில்லும், மூணு மாச ஆட்டோவும். உங்களாலதான்."

மேடம். அவளுக்கு மதில் இடிந்து விழும் சத்தமே கேட்டது. சாவிக் கொத்தில் எட்டை எடுத்துவிட்டாள்.

"இல்ல மேடம், தங்கலை." அவர் குரல் தணிந்தது. "ஆட்டோ கணக்கெல்லாம் ஒண்ணாப் பார்த்ததும் ஆபீஸ்ல முழிச்சுக்கிட்டாங்க. இனிமே பெட்டியெல்லாம் பார்சல்ல நேரா மருந்து மொத்தக்கடைக்கு வந்துடும். கையை வீசிக்கிட்டு வர்றவனுக்கு ராத்தங்கல் எதுக்குன்னு கேக்கறாங்க. காலையில வந்து சாயங்காலம் வண்டி."

சாவி அவள் கையிலேயே இருந்தது. ஐந்நூறைப் பொய்யாக எழுதியிருந்தால் இந்த மனிதர் ஆயுள் முழுக்க எட்டாம் நம்பரில் படுத்திருப்பார். உண்மை அவருக்குக் காசைக் கொடுத்துவிட்டு, இவளுடைய எட்டாம் நம்பர் விருந்தாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கணக்கு சரி. நெஞ்சுக்குத்தான் ஒத்துவரவில்லை.

அவர் போகவில்லை. தோள் பையைக் கழற்றினார். அதில் பெரிதாக எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இதை இங்க வைக்கலாமா மேடம்? மாசா மாசம் வெச்சுட்டுப் போறேனே."

சுவரில் கட்டணப் பலகை இருந்தது. கடைசி வரியில், யாரும் படிக்காத இடத்தில், பை வைக்கும் கட்டணம் எழுதியிருந்தது. அவள் பில் புத்தகத்தைத் திறந்து, கார்பனைச் சரிசெய்து, பலகையில் உள்ள தொகையை அப்படியே எழுதினாள். ஒரு பைசா கூட்டவில்லை.

எழுத மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.