நேற்றைய விலையும் மாப்பிள்ளையும்

அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'கணக்கக்கா'. எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் இருநூறு பங்குகளின் பட்டியலை அவள் படிக்கும் வேகத்தில் மின்விசிறிக்கே தலை சுற்றும். பதினோரு வருடமாகச் சந்தை மூடியதும் ஒரே வேலை: நேற்றைய முடிவு விலையைவிட எத்தனை ஏறின, எத்தனை இறங்கின, எத்தனை அசையவில்லை என்று எண்ணுவது. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாலும், "மாற்றமில்லை" என்பாள்.

முதலாளியின் மாப்பிள்ளை கணினியில் ஒரு புரோகிராம் எழுதினார். இன்று அது சரியாக எண்ணிவிட்டால், திங்கள் முதல் அக்கா வாசலில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். போன் என்றால் அவளுக்கு வேப்பங்காய்.

மாலையில் இரண்டு சீட்டும் முதலாளி மேசைக்கு வந்தன. புரோகிராம்: ஏற்றம் 148, இறக்கம் 47, மாறாதது 5. அக்கா: ஏற்றம் 41, இறக்கம் 152, மாறாதது 7.

"ஒருத்தர் கல்யாண வீடுங்கறீங்க, இன்னொருத்தர் எழவு வீடுங்கறீங்க!" என்றார் முதலாளி. "வாடிக்கையாளருக்கு நான் எதைச் சொல்லி அனுப்பறது?"

"அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"கண்ணாடி இருக்கட்டும் தம்பி. இன்னைக்கு விலையை எதோட ஒப்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

"காலையில திறந்த விலையோட."

"போச்சு! காலையில எல்லாம் தொபுக்கடீர்னு கீழ விழுந்துதான் திறந்துச்சு. அப்புறம் கொஞ்சம் எந்திரிச்சுது, அவ்வளவுதான். கிணத்துல விழுந்தவன் ரெண்டு படி ஏறினா கரை சேந்துட்டானா? நேத்து முடிஞ்ச விலையோட பாருங்க."

மாப்பிள்ளை முகம் சுருங்கியது. கணக்கை மாற்றி ஓட்டினார். ஏற்றம் 41, இறக்கம் 152, மாறாதது 7. அச்சு அசல் அக்கா சீட்டு.

அக்கா ஜெயித்த மிதப்பில் பட்டியலைப் புரட்டினாள். ஒரு வரியில் விரல் நின்றது. நேற்று 900, இன்று 455. அந்தப் பங்கை இன்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள்; ஒரு பங்கு இரண்டாகும், விலை பாதியாகும். அப்படியானால் நேற்றைய விலை 450 என்றுதான் கொள்ள வேண்டும். அவளோ அதை இறக்கத்தில் தள்ளியிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. பட்டியலை முதலாளி பக்கம் திருப்பினாள்:

"ஐயா, இது இன்னைக்குப் பிரிச்ச பங்கு, நான் கோட்டை விட்டுட்டேன். இது ஏற்றம். 42, 151, 7."

"அப்போ ரெண்டு பேருமே தப்பா?" என்றார் முதலாளி.

"அவர் நூத்துக்கு மேல தப்பு, நான் ஒண்ணு."

முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "திங்கள்ல இருந்து மெஷின் எண்ணட்டும். பாதிக்குப் பாதி விழுந்தது எதுன்னு நீ பாத்து, பிரிச்சதான்னு சரிபாரு. நீ சொல்லாம ஒரு சீட்டும் வெளிய போகாது."

"போன்?"

"அதை நானே எடுத்துக்கறேன், தாயே."

அக்கா 42, 151, 7 என்று புதுச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேற என்னக்கா பாக்கணும்?" என்றார்.