குருட்டறையில் மூன்று ஃபிலிம்கள்

பட்டறையில் அவளுக்கு ஆந்தையக்கா என்று பேர். பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஜன்னலே இல்லாத பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? பழைய கைக்கடிகாரங்களைப் புதுப்பித்து விற்கும் பட்டறை அது. எண்களிலும் முட்களிலும் ஒளிப்பூச்சு பூசுவது அவள் வேலை. பூசியதை விளக்கடியில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு, இருட்டில் வைத்துப் பார்ப்பாள். திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுவாள். பத்தொன்பது வருடப் பிழைப்பு.

மற்ற பெண்கள் அந்தக் குருட்டறைக்குள் தனியாகக் கால் வைக்க மாட்டார்கள். பச்சைக் கண்கள் வரிசையாக விழித்துக்கொண்டிருக்கும் அறை. யாரோ மூச்சு விடுவது கேட்கிறது என்று ஒருத்தி சத்தியம் செய்தாள்.

"செத்தவங்களுக்கு வேற வேலை இல்லையாடி? சம்பளம் இல்லாம வந்து நம்ம பட்டறையில உக்காந்திருக்க, அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்று கேட்டாள் ஆந்தையக்கா.

கண்ணால் பார்க்காததை அவள் நம்பியதில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களைச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டுவாள். பேயானாலும் முதலாளியானாலும் மிரட்டிப் பிழைக்கிறவர்களுக்குப் பயப்படக் கூடாது என்பது அவளுடைய கட்சி.

அவளுடைய தங்கை வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயிற்றில் ஐந்து மாதம். நின்று செய்யும் வேலை ஆகாது என்று அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி உட்கார்ந்து செய்யும் இந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தாள்.

அன்று முதலாளி ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எங்கோ மூடிய கடையின் சரக்கு. நாற்பது டயல்கள், முட்களோடு கழற்றிய கடிகார முகப்புகள்.

"ஒளி செத்துப் போச்சும்மா. பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு பூசணும். அடுத்த வாரத்துக்குள்ள முடிச்சாகணும். சின்னவளும் பக்கத்துல உக்காந்து சுரண்டட்டும்."

ஆந்தையக்கா ஒரு டயலை எடுத்துப் பார்த்தாள். எண்கள் பழுப்பேறி, கருகிய மாவு போல இருந்தன. புதிதாகப் பூசிய ஒன்றையும் அதையும் சேர்த்து விளக்கடியில் வைத்துவிட்டு, குருட்டறைக்குள் கொண்டுபோனாள். புதியது பளிச்சென்று எரிந்தது. அது பல மணி நேரம் மெல்ல மங்கும். மறுபடி வெளிச்சம் காட்டினால் மறுபடி எரியும். எத்தனை முறை காட்டினாலும் சலிக்காது. பழையதோ நாலைந்து விநாடி வெளிறிக் கிடந்து, அணைந்தே போனது. மறுபடி காட்டினாள். மறுபடி அதே கதை.

இரண்டு மடங்கு நேரம் காட்டியும் தேறவில்லை. அவளுக்கு என்னவோ உறுத்தியது. புதியதைப் பெட்டிக்குள் மூடிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை இருபது நிமிடம் அசையாமல் இருந்தாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு அந்தச் செத்த எண்களின்மேல் குனிந்தாள்.

எண்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஊசிமுனையைவிடச் சிறிய பொறிகள், ஒன்று மின்னி அணையுமுன் பத்து மின்ன, சத்தமே இல்லாமல் எறும்புப் புற்று கலைந்ததுபோலக் கொதித்தன. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் கை, கதவு எங்கே என்று துழாவியது.

வெளியே வந்தபோது தங்கை கத்தியை எடுத்து முதல் டயலைச் சுரண்டப் போனாள்.

"கீழ வை அதை! போய்க் கை கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு."

"இப்பதானேக்கா எடுத்தேன்! என்ன, உள்ள பேயைப் பாத்தியா?"

அவள் டயலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டாள். படித்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒளிரும் எதையும் பட்டறையில் ரேடியம் என்றே சொல்வார்கள். இது உண்மையான ரேடியம். அந்தக் காலத்துப் பூச்சில் ஒளித்தூளோடு அதைக் கலந்தார்கள். வெளிச்சம் காட்டாமலே எரியும். ஆனால் இரவும் பகலும் அதன் கதிர்கள் அடிக்கிற அடியில் ஒளித்தூள் சில வருடங்களில் நொறுங்கிவிடும். மங்குவது தூள். அடிக்கிற ரேடியம் களைப்பதில்லை. அது பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருடம் வேண்டும். இதையெல்லாம் முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணு இருக்குங்கிற. நீயா பேசுற?" என்று முதலாளி சிரித்தார். மற்ற பெண்களும் சிரித்தார்கள். "ஆந்தையக்காவுக்கே பேய் பிடிச்சிருச்சு!"

"இருக்குன்னு நான் நம்பச் சொல்லல. காட்டுறேன்."

கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று சின்ன ஃபிலிம் கேட்டு வாங்கினாள் ஆந்தையக்கா. "பிரிச்சிடாதீங்க, வெளிச்சம் பட்டா போச்சு. வெள்ளைப் பக்கம் பொருள்மேல படணும், பின்னாடி ஈயத்தகடு இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தாள் அந்தப் பெண்.

ஒன்றைப் பழைய டயலின் எண்கள்மேலும் முட்கள்மேலும் கவிழ்த்துக் குருட்டறையில் வைத்தாள். இன்னொன்றைப் புது டயல்மேல் வைத்து, முன்கூடத்து அலமாரியில் பூட்டினாள். மூன்றாவதற்கு ஒன்றுமே வேண்டாம். வெறுமனே இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே? அதைத் தன் மேஜையின் காலி டிராயரில், வெள்ளைப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு மூடினாள்.

நான்கு நாள். சாக்குப்பையைக் கட்டிக் குருட்டறை மூலையில் தள்ளினாள். தங்கைக்குக் கடிகார வார்களைத் துடைக்கும் வேலையை முன்கூடத்தில் கொடுத்தாள். முதலாளி தினமும் கேட்டார். பூச்சு இன்னும் குழையவில்லை என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள்.

ஐந்தாம் நாள் காலை எக்ஸ்ரே பெண் மூன்றையும் வாங்கிப்போய்க் கழுவி எடுத்து வந்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்.

புது டயலின் ஃபிலிம் தெளிந்த நீர் போல இருந்தது. பழையதில் எண்கள் இருந்தன. இரண்டு முட்களும் இருந்தன. கறுப்பாக, கொஞ்சம் கலங்கி, நாலேகால் மணியைக் காட்டிக்கொண்டு. செத்துப்போனதாகச் சொன்ன கடிகாரம், மூடிய உறைக்குள் இருட்டில் தன்னைத்தானே எழுதிவைத்திருந்தது. பின்னால் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை.

"ஃபிலிம் பழசா இருக்கும்" என்றார் முதலாளி.

"அதே பாக்கெட்டுதான் முதலாளி அந்தச் சுத்தமானதும்" என்றாள் ஆந்தையக்கா.

பிறகுதான் அவள் மூன்றாவதைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்க வேண்டிய ஃபிலிமில் கடுகு சிதறியதுபோலப் புள்ளிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு மூலையில் கும்பலாக.

இந்தப் பத்தொன்பது வருடமும் வருடத்துக்கு நாலைந்து பழுப்பு டயல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒளி செத்தது, ஆகவே எல்லாம் செத்தது என்று எண்ணி, காய்ந்த கத்தியால் சுரண்டுவாள். தூள் சேரச் சேர வாயால் ஊதித் தள்ளுவாள். அது எங்கே போய்ப் படியும் என்று யோசித்ததில்லை.

"அது யார் டிராயர்க்கா?" என்று கேட்டாள் தங்கை.

"என்னோடதுதான்."

"உனக்கு...?"

"தெரியலடி. டாக்டர்கிட்ட காட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, ஆளுக்கொரு முகமூடி வாங்கித் தர்றேன். இந்த ஒரு சாக்கை மட்டும் முடிச்சிடுங்க."

"கண்ணாடி மூடிக் கையில கட்டியிருக்கிறவனுக்கு இதுல பெரிய ஆபத்து இல்ல. திறந்து சுரண்டுறவ மூச்சுலதான் போகுது. அந்த ஆளு எப்பவும் நாங்கதான், இல்லையா? உங்க வீட்டுப் பிள்ளை மாசமா இருந்தா அந்த மேஜையில உக்கார வைப்பீங்களா?"

 ஒரு பெண் கத்தியை மேஜைமேல் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். ஆந்தையக்கா கதிர்வீச்சுப் பொருட்களைக் கையாளும் அரசு அலுவலகத்தின் எண்ணைத் தேடி, முதலாளி முன்னாலேயே போன் போட்டாள். ஆட்கள் வரும்வரை சாக்கை யாரும் தொடக் கூடாது, மேஜையைப் பெருக்கக் கூடாது என்று சொன்னார்கள்.

தங்கையை வெளியே அனுப்பிவிட்டு, குருட்டறையைப் பூட்டப் போனாள். உள்ளே ஒரு பச்சைக் கண்கூட எரியவில்லை. எல்லாம் கரி இருட்டு. முன்பெல்லாம் அதை வெறும் இருட்டு என்று நினைப்பாள். மூலையில் நாற்பது டயல்களும் கொதித்துக்கொண்டே இருந்தன. யாரும் பார்க்க வேண்டும் என்று அவற்றுக்குக் கட்டாயமில்லை.

சாவியைத் திருகினாள். பிறகு தன் இரு கைகளையும் வெளிச்சத்தில் விரித்து, விரல் விரலாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.