அருமை நண்பர் என்று எழுதாதவர்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் உவரிக் கடலின் இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை; ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது. அன்று என் பிறந்தநாள். வேலையில் சேரும்போது வயதுக்குச் சான்றாக நான் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டில் அச்சக மேஸ்திரி அதைப் பார்த்திருந்தார். மெலிந்த மனிதர், காதுமடலில் எப்போதும் மை இருக்கும். எதையும் அச்சிடுமுன் உதடசைய இருமுறை வாசிப்பார்.

எனக்காக ஒரு சின்ன அட்டையில் வாழ்த்து அச்சிட ஏற்பாடு நடந்தது. தட்டி மறைப்புக்கு அப்பாலிருந்து பேச்சு கேட்டது.

“அருமை நண்பருக்குன்னு போடுவோமா, அண்ணாச்சி?” என்றார் ஒருவர்.

“ஒரு வாரத்துல எப்படிவே அருமை நண்பர் ஆவாரு? நமக்குத் தெரிஞ்சதை மட்டும் போடும்,” என்றார் மேஸ்திரி.

எல்லோரும் கையெழுத்திட்டுத் தந்த அட்டையில் இப்படி இருந்தது: “எங்களோடு புதிதாகச் சேர்ந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. உம்மை இன்னும் சரியாக அறியோம், அறிய ஆசைப்படுகிறோம். நல்வரவு.”

நான் ஊருக்குத் திரும்பவில்லை.

“உங்க பிறந்தநாள் என்னைக்கு, அண்ணாச்சி?” என்று பிறகொரு நாள் மேஸ்திரியிடம் கேட்டேன்.

“தெரியாதுவே. சொல்லுததுக்கு ஆளு இல்லாமப் போச்சு,” என்றவர், ஈய எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடத் தொடங்கினார்.

அவருக்கு எந்த நாளில் வாழ்த்துச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சொல்லவேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.