தலைவர் வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

டயர்க்கடைக்காரர் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்குத் தர வேண்டிய பராமரிப்புப் பாக்கி பதினைந்தாயிரம். மாதம் மூவாயிரம் வீதம் ஐந்து மாதம். அந்தச் சங்கத்துக்குத் தலைவரே அவர்தான்.

சாதாரண ஆளா அவர்? பத்து வயதில் காற்றடிக்கும் குழாயைப் பிடித்தவர். பழைய டயர்களை மெத்தையாக்கிப் படுத்தவர். இன்றைக்கு மூன்று கடை, பதினாறு ஆட்கள், இரண்டாம் மாடியில் காற்றோட்டமான வீடு. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும், ஆனால் கணக்கு என்றால் விரல் நுனியில். ஒருத்தரிடமும் ஒரு நாளும் கடன் சொன்னதில்லை என்பதை லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இறங்குகிறவர்களும் தப்ப முடியாது.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவைத் தட்டி, காவல்காரர் ஒரு உறையை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். வாங்கிக்கிட்டதுக்கு."

"யார்கிட்டேயிருந்துய்யா?"

"நம்ம சங்கத்துலேருந்துதான் சார்," என்று தரையைப் பார்த்தார் காவல்காரர்.

மனைவி பிரித்து வாசித்தாள். பதினைந்து நாளுக்குள் பாக்கியையும் வட்டியையும் கட்ட வேண்டும். தவறினால் வரும் பொதுக்குழுவில் ஓட்டுப் போடவோ பதவிக்குப் போட்டியிடவோ முடியாது. பாக்கியைச் சட்டப்படி வசூலிப்பார்கள். கீழே, சங்கச் செயலாளரான கணக்கு டீச்சரின் கையெழுத்து.

"எனக்கா? எனக்கே நோட்டீஸா? மோட்டார் எரிஞ்சு மூணு நாள் தண்ணி இல்லாம கிடந்தப்ப யாருடி சரி பண்ணது? கைக்காசு பதினாலாயிரம் போட்டேனே! அதைப் பராமரிப்புல கழிச்சுக்கிட்டேன். மீதி ஆயிரம் அடுத்த மாசம் தந்திருப்பேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"நல்லது பண்ணா தமுக்கு அடிக்கணுமா?"

"லிஃப்டுல அடிக்கிற தமுக்கு போதாதுன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி.

அவர் விறுவிறுவென்று இறங்கினார். வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் சங்க அறை. டீச்சர் ரசீதுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, அடுத்த வருஷமும் நான் தலைவரா நிக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"நீங்க நிக்கணும்னுதாண்ணா நோட்டீஸ் அனுப்பினேன். பாக்கியோட போய் நின்னா பேரையே அடிச்சிடுவாங்க. மோட்டாருக்கு நீங்கதான் குடுத்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. பில் எங்க?"

"சட்டைப் பையிலதான் இருக்கு. அதான் கழிச்சுக்கிட்டேனே!"

டீச்சர் துணைவிதிப் புத்தகத்தைத் திறந்தார். "நான் வாசிக்கட்டுமா? 'எந்த உறுப்பினரும் தாம் செய்த எந்தச் செலவையும் பராமரிப்புக் கட்டணத்தில் தாமாகக் கழித்துக்கொள்ளக் கூடாது. செலவுக்குப் பில் கொடுத்து, குழு ஒப்புதல் பெற்றுத் தனியாகத் திரும்பப் பெறலாம்.'"

டயர்க்கடைக்காரரின் கை மெல்லப் பிடரிக்குப் போனது. அந்த வார்த்தைகள் அவருக்குத் தெரிந்தவை. மூன்றாம் மாடிக்காரர் தன் பால்கனிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் பராமரிப்பில் கழித்தபோது, "ஆளாளுக்குக் கழிச்சா சங்கத்துல மிஞ்சறது பூட்டுதான்" என்று பொதுக்குழுவில் கர்ஜித்து, மேசையைத் தட்டி இந்த விதியைச் சேர்க்க வைத்தவர் வேறு யாருமில்லை.

"நான் சொன்னதுதான்," என்றார்.

"அன்னைக்கு நல்லாவே சொன்னீங்கண்ணா. நான்தான் அழகா எழுதினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு வயிறு குலுங்கியது. வெளியே நின்ற காவல்காரரும், எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

மறுநாள் மாலை செயற்குழு கூடியது. மோட்டார் பில்லைப் பேசும்போது, தன் விஷயம் என்பதால் தலைவர் வெளியே உட்கார்ந்தார். உள்ளே மூன்றாம் மாடிக்காரர்தான் முதலில் கை தூக்கினாராம். பதினாலாயிரத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே வந்த தலைவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய பதினைந்தாயிரத்துக்குத் தனியாக ஒரு காசோலையைக் கிழித்து நீட்டினார். கழிக்கவில்லை!

"வட்டி நானூத்தி ஐம்பது. குழு விரும்பினா தள்ளுபடி பண்ணலாம்," என்றார் டீச்சர்.

"தலைவர்தானே, விட்டுடலாம்," என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"விட்டா நாளைக்கு எல்லாரும் என்னைக் காட்டி விடச் சொல்லுவாங்க. எனக்கு எவனும் வட்டி விட்டுக் குடுத்து நான் பெரியாளாகலை. பிடிங்க. ரசீதுல 'வட்டி'ன்னு பெரிசா எழுதுங்க. லிஃப்டுல காட்டணும்."

டீச்சர் கையை நீட்டினார். தலைவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக வைத்தார்: நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு. கடைசி ஐம்பதைச் சட்டைமேல் தேய்த்துச் சுருக்கம் நீக்கி, உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.